வள்ளியம்மாவுக்குப் பிடித்த வாக்கியம்

நேர்முகத்துக்கு வருகிறவர்களிடம் "உங்களுக்குப் பிடித்த பொன்மொழி எது?" என்று கேட்பதை நிறுத்துங்கள் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் வெறும் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா; நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில், ஒரு சின்னக் கல்வி அறக்கட்டளை இருக்கிறது. கீழே பூமாலைக் கடை, நடுவில் கண்ணாடிக்கடை, மேலே நாங்கள். நேர்முகம் நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கணினியில் தட்டுவது என் வேலை. என் பெயர் இந்துஜா. பெயரைக் கேட்டுவிட்டு, பிறகு எல்லோரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பொன்மொழி யாருக்கு வேண்டும்? அதை ஏன் பிடித்தது, அதனால் நீ என்ன செய்தாய் என்று அடுத்துக் கேட்பதற்கான வாசல்தான் அது. ஆனால் வருகிறவர்கள் வாசலிலேயே நின்று மணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். "ஏன்?" என்றால் அதே வாக்கியத்தை வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். எனக்குக் காது புளித்து, அதுவும் தாண்டி மரத்தே போய்விட்டது. என் விரல்கள் மட்டும் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் கதை இன்னும் மோசம். பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்காக ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தோம். முதியோர் பராமரிப்புச் சான்றிதழ்ப் படிப்பு, முழுச் செலவும் எங்களுடையது. விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேர் கிள்ளான்காரர்கள். அங்கே கோயில் மண்டபத்தில் கிரிதரன் என்று ஒருவர் 'நேர்முகத்தில் வெல்வது எப்படி' என்று இலவச வகுப்பு எடுக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு தாளில் சில வாக்கியங்களை அச்சடித்துக் கொடுத்து, முதல் வாக்கியத்தைக் காட்டி, "போன வருஷம் இதச் சொன்ன பிள்ளைக்குத்தான் கெடச்சது" என்று வாயை விட்டுவிட்டார். பிறகு யார் இரண்டாவது வாக்கியத்தைப் பார்ப்பார்கள்?

"மழை நிற்கும்வரை காத்திருப்பவன் நடக்கக் கற்பதில்லை."

காலையிலிருந்து இதுதான். ஒருவர் ஒரு விஞ்ஞானி சொன்னது என்றார். அடுத்தவர் ஒரு ஜனாதிபதி என்றார். ஷா ஆலமிலிருந்து வந்த ஒருவர், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடாக வருகிறவர், அது சீனப் பழமொழி என்றே முடிவு செய்துவிட்டார். எங்கள் தலைவர் கேதீஸ்வரன், அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரிடமும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

"நீங்க மழைல நடந்திருக்கீங்களா?"

மற்றவர்கள் வாக்கியத்தையே இன்னொரு தடவை சொன்னார்கள். ஷா ஆலம்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, "கார்ல வந்தேன் சார்" என்றார்.

வெளியே உண்மையாகவே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவள்தான் வள்ளியம்மா. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். குடை பிடித்தும் சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவள் நடந்து வந்த தரையில் தண்ணீர்த் தடம் நாற்காலி வரை வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது. தலையை இழுத்துப் படிய வாரியிருந்தாள். நெற்றியில் விபூதிக் கீற்று. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அது மடியையும் நனைத்தது. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

சீதாலெட்சுமி மேடம்தான் முதலில் பேசினார். அந்தப் படிப்பை நடத்தும் கல்லூரியில் விரிவுரையாளர், அதனால் எங்கள் குழுவில் இருப்பவர்.

"சொல்லுங்கக்கா, உங்களப் பத்தி."

சொன்னாள். காப்பார் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தது, பள்ளிக்கூடம் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நின்றது, கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. கணவர் குகன், கண்டேனர் லோரி ஓட்டியவர், தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் கடையில் சாமான் சொல்லும் குரலில் சொன்னாள். அரிசி, பருப்பு, புருஷன் செத்துப்போனான், எண்ணெய். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

எனக்கு உள்ளே கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இப்படிப் பேசினால் யார் இடம் கொடுப்பார்கள் என்று.

அடுத்து மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்குப் புடிச்ச பொன்மொழி ஏதாச்சும் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், முதுகை நேராக வைக்கணும் என்று. "மழை நிற்கும்வரை காத்திருப்பவன்..." என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"நடக்கக் கற்பதில்லை" என்று கேதீஸ்வரன் சார் முடித்துக்கொடுத்தார்.

"ஆமா சார். அதான்."

"மழைல நடந்திருக்கீங்களா?" என்று கேட்கத்தான் அவரும் வாயைத் திறந்தார். கீழே தண்ணீர்த் தடத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் நினைத்திருந்தால் அதையே பிடித்துக்கொண்டு பேசியிருக்கலாம். இந்த மழையில் நடந்துதான் சார் வந்தேன் என்று ஒரு வார்த்தை போதும், காலையிலிருந்து வந்த அத்தனை பேரையும் தாண்டியிருப்பாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"இது ஏன் உங்களுக்குப் புடிக்கும்?" என்று மேடம் கேட்டார்.

"புடிக்காது மேடம்."

தட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"வகுப்புல குடுத்தாங்க. எல்லாரும் இதத்தான் படிச்சாங்க. நானும் படிச்சேன்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா, பரவால்லலா. பெரிய ஆளு சொன்னதா இருக்கணும்னு இல்ல. உங்க மனசுல நிக்கிற மாதிரி யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்கல்ல? அதச் சொல்லுங்க."

வள்ளியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அடுத்த ஆளைக் கூப்பிடும் நேரம் நெருங்கியது.

"கேட்டப் பூட்டாத, வந்துருவேன்" என்றாள்.

"என்னக்கா?"

"கேட்டப் பூட்டாத, வந்துருவேன். இதான் மேடம்."

"யாரு சொன்னது?"

"எங்க வீட்டுக்காரரு. லோரிக்குக் கெளம்பறப்ப எல்லாம் சொல்லுவாரு. ஜொகூர் போனாலும் அதான், கடைக்குப் போனாலும் அதான். வாசக் கேட்டுக்குச் சாவி குடுத்தா தொலைச்சிருவாரு, அதுக்குத்தான்."

கேதீஸ்வரன் சார் பேனாவை வைத்துவிட்டார். "மேல சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னதை அப்படியே தட்டினேன். அதிகமாகத் தட்டவும் தேவைப்படவில்லை. சுருக்கமாகத்தான் சொன்னாள்.

குகன் ஒரு நாள் ஜொகூர் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் லோரியை நிறுத்தியிருக்கிறார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ரொம்ப நேரமாக ஓடுகிறதே என்று பக்கத்து லோரிக்காரர் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். நாத்தனார் போகும்போது, "தனிப் பொம்பளை, கேட்டப் பூட்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவள் பூட்டவில்லை. சங்கிலியில் பூட்டு திறந்தபடியே தொங்கியது. மழையில் துருப்பிடித்தது.

"வந்துருவாருன்னு நெனச்சீங்களா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மேடம். எரிச்சத நாந்தான் பாத்தேன்ல. கை போகல, அவ்வளவுதான்."

அழப்போகிறாள் என்று நினைத்து டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, மேசை விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள். இருக்க வேண்டிய இடம் அது என்று நினைத்திருப்பாள்.

"அழவே இல்லியா அக்கா நீங்க?" கேட்கக் கூடாத கேள்வி. கேட்டது நான்தான். வாய் முந்திக்கொண்டது.

"வரல மிஸ்" என்றாள், பஸ் வரவில்லை என்பது போல.

திறந்து கிடந்த அந்தக் கேட் வழியாக ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பெரியவர் உள்ளே வந்திருக்கிறார். அதே தாமானில், அந்தக் குடியிருப்பிலேயே, பின் வரிசை வீடு. பெயர் சிவசம்பு. ஒரு காலத்தில் ரயில்வேயில் கிராணி. இப்போது நினைவு தப்பிப்போனவர். இவள் எழுந்து வெளியே வந்தால், போர்ட்டிகோவில் குகனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"திருடன்னு பயப்படலியா?" என்றார் சார்.

"பயம்லாம் வரல சார். அந்த நேரத்துல எனக்கு எதுவும் வரல. 'ரயில் வந்திட்டுதோ பிள்ளை?'ன்னு கேட்டாரு. ரயிலும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்க வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருக்கலாம். 'இன்னும் வரல அய்யா, டீ குடிங்க'ன்னேன். குடிச்சாரு."

சீதாலெட்சுமி மேடம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "ரயில் இல்லன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா அவரு மொகம் என்னா ஆவும் மேடம்? அவருக்கு ரயில் இருக்குல்ல."

அந்தப் பெரியவரின் மகள் புனிதவதி, ஷா ஆலமில் அரசாங்க வேலையில் இருக்கிறவள், அப்பாவைத் தேடிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகும்போது அவரை வள்ளியம்மா வீட்டில் விட்டுவிட்டு, திரும்பும்போது கூட்டிப்போவது என்றானது. பெரியவர் போர்ட்டிகோவில் உட்கார்ந்து ரயிலுக்காகக் காத்திருப்பார். இவள் காய்கறி நறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருப்பாள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதுவே வசதியாக இருந்தது என்றாள்.

"ஒரு நாள் அரிசி களையப் போனேன். வந்து பாத்தா நாற்காலி காலி. கேட் தெறந்து கெடக்கு. நைட்டியோட ஓடுனேன். பெரிய ரோட்டுல நடுவுல நிக்கிறாரு சார். ஒரு கண்டேனர் லோரி குறுக்க நிறுத்தி, டிரைவர் எறங்கி அவரு கையப் புடிச்சிட்டு நிக்கிறாரு. பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கிறான். அந்த டிரைவர் என்னப் பாத்து, 'கேட்டப் பூட்டி வைக்க மாட்டியாக்கா?'ன்னு ஏசுனாரு."

அவள் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் பூட்டுனேன்."

பிறகு மேடம், "எப்படி இருந்துச்சுக்கா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மேடம். துரு புடிச்சு இறுகிப்போயிருந்துச்சு. எண்ணெய் போட்டேன். பூட்டிருச்சு."

என் விரல்கள் நின்றுவிட்டன. நான் கல்நெஞ்சுக்காரி என்றுதான் என் வீட்டில் பேர். ஆனாலும் அந்தப் பெட்டியிலிருந்து டிஷ்யூ எடுத்தது நான்தான். அவள் கண்ணிலோ ஒரு பொட்டு ஈரம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த ஆளாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேதீஸ்வரன் சார் கனைத்துக்கொண்டார். "சரி. அதுக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? எதுக்குப் படிக்கணும்னு நெனக்கிறீங்க?"

இந்த இடத்தில்தான் காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் 'சமுதாயத்துக்குச் சேவை செய்ய' என்று சொல்லியிருந்தார்கள். அவளும் சொல்லப்போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அடப் பாவி, சொல்லிவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பூட்டுனதுல இருந்து அய்யா கேட்டப் புடிச்சிட்டு நிக்கிறாரு சார். ரயில் போயிருமே, தெறந்து விடு பிள்ளைன்னு அழுவறாரு. நான் உள்ள நின்னு பாத்துட்டே இருக்கேன். எனக்குப் பூட்டத்தான் தெரியும். பூட்டாம எப்படிப் பாத்துக்கறதுன்னு தெரியல. அதச் சொல்லித் தருவாங்கன்னு புனிதவதி சொன்னாங்க." கொஞ்சம் யோசித்து, "சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லித் தருவோம்" என்றார் மேடம்.

"அப்ப சரி."

எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். "துடைக்கத் துணி இருக்கா மிஸ்?" என்றாள். நான் வேண்டாம் என்றேன். போய்விட்டாள். மழை இன்னும் விடவில்லை.

எல்லாரும் போன பிறகு குழு பேச உட்கார்ந்தது. குழு என்றால் இரண்டே பேர்தான், நான் கணக்கில் இல்லை. ஷா ஆலம்காரருக்கும் வள்ளியம்மாவுக்கும் இடையில் இழுபறி.

"அவங்க சொன்னது பொன்மொழியே இல்லியே மேடம்" என்றார் சார். "வீட்ல புருஷன் பொண்டாட்டி பேசுறது. நாளைக்குக் கணக்குக் கேட்டா டிரஸ்டிங்களுக்கு என்ன சொல்றது?"

"நம்ம கேள்வில பெரிய ஆளு சொன்னதுன்னு எங்கயாச்சும் இருக்கா சார்? புடிச்சது எதுன்னுதான் கேக்குறோம். ஏன் கேக்குறோம்? அது அவங்கள என்னா செய்ய வச்சிச்சுன்னு பாக்கத்தானே?"

"அவருக்கு ஆங்கிலம் நல்லா இருக்கு. படிச்சு முடிச்சிருவாரு. இந்தம்மா மூணாம் படிவம்."

"பாடம் தமிழ்லயும் மலாய்லயும் சொல்லிக் குடுக்கறோம் சார். ஆனா இல்லாத ரயிலுக்கு ஏன் டீ குடுக்கணும்னு நான் முழு செமஸ்டர் கத்துனாலும் பாதிப் பேருக்கு வராது. நோயாளிகிட்ட வாதாடாதேன்னு சொல்லுவேன், பரிட்சைல எழுதுவாங்க, வார்டுல போய் வாதாடுவாங்க."

சார் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் பதில அப்படியே தட்டியிருக்கியா இந்துஜா? வாசி பாப்போம்."

வாசித்தேன். 'எனக்குப் பூட்டத்தான் தெரியும்' வரை வந்தேன். அதற்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஷா ஆலம்காரர் பதிலையும் வாசிக்கட்டுமா சார்?" என்றேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன்.

"வேணாம். அது எனக்கே மனப்பாடம்" என்றார்.

முடிவைச் சொல்வது என் வேலை. கிடைக்காதவர்களுக்கு மின்னஞ்சல், கிடைத்தவருக்குத் தொலைபேசி. அந்த வாரக் கடைசியில், வேலை முடிந்து கிளம்பும் முன் கிள்ளானுக்கு அழைத்தேன்.

"அக்கா, இந்துஜா பேசறேன். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து."

"சொல்லுங்க மிஸ்."

"எடம் உங்களுக்குத்தான்க்கா. அடுத்த மாசம் வகுப்பு."

வழக்கமாகச் செய்தி கேட்டவர்கள் சந்தோஷத்தில் கத்துவார்கள், சாமி பெயரைச் சொல்வார்கள், சிலர் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். எல்லாம் பார்த்திருக்கிறேன். இவள் "சரி மிஸ்" என்றாள். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க, அய்யா கேட் பக்கம் போறாரு, இன்னும் பூட்டல" என்றாள்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம் கேட்டது. இரும்புச் சங்கிலி இழுபடும் சத்தம். பூட்டு அமுங்கும் சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. லைன் போய்விட்டதா என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"அக்கா?"

"மிஸ்" என்றாள். குரல் வேறாக இருந்தது. "இத யாருகிட்ட மிஸ் சொல்றது?"

எங்கள் தாள்களில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும், இதற்கு இல்லை. பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, இடம் கிடைத்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

"என்கிட்ட சொல்லுங்கக்கா" என்றேன்.

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியாத மாதிரி கேக்கறேன். சொல்லுங்க."

அவள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"எனக்குப் படிக்க எடம் கெடச்சிருச்சு" என்றாள்.

அப்புறம்தான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவள் இல்லை போலிருக்கிறது. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு கிழட்டுக் குரல் பதறியது: "என்ன பிள்ளை, ரயில் வந்திட்டுதோ?"

"இன்னும் வரல அய்யா" என்றாள், அழுகைக்கு நடுவில். "வந்துரும். வாங்க, டீ குடிங்க."